இரண்டு இழுப்பு: பேருந்தில் பீடியை அணைக்கச் சொல்லும் வானொலி நாடகத்தை எழுதிப் பதிவு செய்யும் முறை

கூட்டமான பேருந்தில் ஒருவர் பீடி பற்ற வைக்கிறார், நடத்துநர் மரியாதையாகப் பேசி அணைக்க வைக்கிறார். பள்ளி, கல்லூரி மாணவர்களும் நாடகக் குழுக்களும் வானொலிக்காகத் திரும்பத் திரும்ப எடுக்கும் கதை இது. எழுதிய பிரதிகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன: "ஐயா, பேருந்தில் புகை பிடிக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா?" அந்த இடத்திலேயே நாடகம் சரிந்துவிடுகிறது. கேட்பவர் காதில் அதுவரை புகையே வரவில்லை. நடத்துநர் யாரை, எதற்காகக் கண்டிக்கிறார் என்பதே வசனத்தின் வழியாகத்தான் தெரிகிறது. காது தானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை வாய் சொல்லிவிட்டால், அடுத்து வரும் பணிவும் போதனையாகவே ஒலிக்கும்.

தர்மபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகும் ஒரு மாலை நேரப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். நாடகம் மொத்தம் 12 நிமிடம். அதில் மூன்றரை நிமிட நடுக்காட்சி ஒன்றைச் சரியாகச் செய்தால் மீதி தானாக அமையும். அதனால் அந்தக் காட்சியை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் வேலை, நடத்துநர் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பவருக்குப் புகை தெரிய வேண்டும். புகைக்கு ஓசை கிடையாது. புகையைச் சுற்றி நடப்பவற்றுக்குத்தான் ஓசை உண்டு. தீப்பெட்டி குலுங்குவது, குச்சி உரசுவது, பற்றுவது என்ற மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும். பலர் உரசலை மட்டும் வைக்கிறார்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் வெறும் உரசலும் பற்றலும் வானொலி இரைச்சலைப் போலவோ, எண்ணெயில் எதையோ போட்ட சத்தத்தைப் போலவோ கேட்கும். முன்னால் தீப்பெட்டிக்குள் குச்சிகள் கலகலவென்று ஒரு முறை குலுங்கினால் போதும், இது தீப்பெட்டி என்று காது முடிவு செய்துவிடும், பிறகு வரும் உரசலில் குழப்பம் இராது.

இதை ஒலிப்பதிவு அறைக்குள் எடுக்க வேண்டாம். சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சும் துணியும் தீப்பிடிக்கக்கூடியவை. சத்தமில்லாத வேறொரு அறையில், கீழே ஈர மணல் நிரப்பிய தட்டு வைத்து எடுக்கலாம். மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி, பக்கவாட்டில் உரச வேண்டும். நேராக மைக்கைப் பார்த்து உரசினால் பற்றும்போது எழும் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று வெடிக்கும். அதைப் பின்னால் சரி செய்ய முடியாது. ஆறேழு குச்சி உரசி, உரசலும் பற்றலும் தெளிவாகப் பிரிந்து கேட்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இருமல். இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது: கைக்குழந்தையை இரும வைப்பது. பெரியவர் ஒருவர் குழந்தையைப் போல இருமினால் அது பூனைச் சத்தமாகிவிடுகிறது. உண்மைக் குழந்தையை இருமச் செய்ய யாரும் நினைக்கவே கூடாது. குழந்தைக்குச் சிணுங்கல் மட்டும் போதும். அதையும் தாயின் "ஒண்ணுமில்லடா சாமி" என்ற தேற்றலே காட்டிவிடும். இருமல் முதியவருக்கு. அதுவும் தொண்டையைக் கிழிக்கும் இருமல் வேண்டாம். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போன்ற மூச்சிழுப்பு, நடுநடுவே இரண்டு சின்ன இருமல். இந்த மூச்சிழுப்பை எப்படியும் சேர்த்துவிடுங்கள். காட்சியின் திருப்பமே அதன்மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, ஜன்னல் ஷட்டர். யாரோ ஒருவர் அதைத் தூக்கப் பார்க்கிறார், பாதியில் சிக்கிக்கொள்கிறது. உள்ளே காற்றில்லை என்பதை எந்த வசனமும் இல்லாமல் இது சொல்லும். காட்சியின் முடிவில் இதே ஷட்டர் திறந்து காற்று உள்ளே பாயும்போது, புகை போய்விட்டது என்பதும் வசனமில்லாமலே புரியும். தொடக்கத்தில் அடைத்து வைத்ததைத்தான் முடிவில் திறக்க முடியும். அதனால் இந்த ஒலியை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பற்ற வைத்த பிறகு இழுத்து ஊதும் ஓசையை நீளமாக வைக்கவே கூடாது. நடிகர்கள் அதை ரசித்துச் செய்துவிடுவார்கள். பீடி குடிக்காமல் இருக்கப் பாடுபடும் ஒருவர் வீட்டில் அதைக் கேட்டால், அவருக்கு அது ஆசையைத்தான் கிளப்பும். பீடி, சிகரெட்டின் வணிகப் பெயரும் எங்கும் வரக்கூடாது. புகையிலைப் பொருள் விளம்பரத்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. நாடகத்தில் வரும் பெயரும் விளம்பரமாகவே காதில் விழும்.

இனி கூட்டம். கூட்டத்தைக் காட்டச் சத்தத்தைக் கூட்டுவது எளிய வழி, தவறான வழியும் அதுதான். இரைச்சல் கூடினால் சந்தை என்று தோன்றும், பேருந்து என்று தோன்றாது. பேருந்தின் நெரிசலை நடத்துநரின் நடை காட்ட வேண்டும். முன்பக்கப் படியிலிருந்து பீடி பிடிப்பவர் வரை அவர் வர எட்டு நொடியில் முடிந்துவிட்டால் பேருந்து காலி. நாற்பது நொடி எடுத்து, இடையில் ஒருவரை வழி விடச் சொல்லி, ஒருவர் பையைத் தள்ளச் சொல்லி, ஒருவருக்குச் சில்லறை கொடுத்து வந்தால் பேருந்து நிறைந்திருக்கிறது. அந்த நாற்பது நொடியில் புகையும் பரவுகிறது, முதியவரின் மூச்சிழுப்பும் கூடுகிறது. ஆகவே நேரமும் வீணாவதில்லை.

பின்னணிப் பேச்சுக்கு ஆறு பேர் இருந்தால் போதும். ஒரே ஆறு பேரை மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்க வைத்து எடுத்து அடுக்கினால் பதினெட்டு பேர் கிடைத்துவிடுவார்கள். அர்த்தமில்லாத முணுமுணுப்பைச் செய்யச் சொல்லாதீர்கள். நம் காது போலிப் பேச்சை உடனே பிடித்துவிடும். உண்மையிலேயே பேசச் சொல்லுங்கள்: புளி விலை, மகனுக்குக் கிடைத்த வேலை, நாளைக்குத் தண்ணீர் வருமா என்பது. தொகை, ஊர்ப்பெயர், ஆள் பெயர் மட்டும் வேண்டாம், ஏனென்றால் அவை இரைச்சலிலிருந்து துள்ளி வெளியே வந்து முன் வசனத்தை மறைக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து வழித்தடம் என்றால் பின்னணியில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருப்பதுதான் இயல்பு. அந்த மொழி பேசுகிறவர்களையே பேசச் சொல்லலாம்.

பேருந்து ஓசையைக் கணினியில் கிடைக்கும் தயார் ஒலிகளிலிருந்து எடுப்பதைவிட, பணிமனையில் அனுமதி வாங்கி நம் ஊர்ப் பேருந்திலேயே எடுப்பது நல்லது. நின்றுகொண்டு உறுமுவது 2 நிமிடம், சீராக ஓடுவது 5 நிமிடம், கியர் மாறுவது நாலைந்து முறை, பிரேக் பிடித்ததும் வரும் காற்றுச் சீறல் இரண்டு முறை. இவ்வளவு இருந்தால் முழு நாடகமும் ஓடும். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தால் அடித்தொனி மட்டும்தான் கிடைக்கும். அந்த அடித்தொனி கைப்பேசியில் கேட்கவே கேட்காது, சின்ன ஒலிபெருக்கியால் அதைத் தர முடியாது. கைப்பேசியில் கேட்பவருக்குப் பேருந்தைப் பேருந்தாகக் காட்டுவது கண்ணாடி நடுங்கும் ஓசையும் சீட்டுக் கம்பி கிடுகிடுக்கும் ஓசையும்தான். அதனால் பின்பகுதியில், ஆட்டம் கண்ட ஜன்னலுக்கு அருகே உட்கார்ந்து ஒரு முறை தனியாகப் பதிவு செய்யுங்கள்.

கலக்கும்போது இந்த ஓசை பேச்சைவிட 15 முதல் 18 டெசிபல் கீழே இருக்கட்டும். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகும் 2000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பேருந்து ஓசையை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால், ஒலியளவை ஏற்றாமலே வசனம் முன்னால் வந்து நிற்கும். வசனம் புரியவில்லை என்று வசனத்தையே உயர்த்திக்கொண்டு போனால் நடத்துநர் கத்துகிறவராகிவிடுவார். இந்தக் கதையில் அதைவிடப் பெரிய சேதம் கிடையாது.

விசிலை மறக்காதீர்கள். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம் என்பது பேருந்தில் ஏறிய எல்லாருக்கும் தெரியும். இதை மாற்றி வைத்த பிரதியைக் கேட்டவுடன் நாடகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். விசிலை மைக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஊத வேண்டும், கிட்டே ஊதினால் பதிவு கிழியும்.

இப்போது பணிவு. தமிழில் பணிவுக்குத் தனியாக ஒரு சொல் தேவையில்லை. 'தயவுசெய்து' என்று நடத்துநர் சொன்னால் அறிவிப்புப் பலகை பேசுவது போல இருக்கும். நம் பேச்சில் பணிவு மூன்று இடத்தில் இருக்கிறது: கூப்பிடும் சொல், வினையின் வால், யாரைக் காரணமாகச் சொல்கிறோம் என்பது. நடத்துநருக்கு முப்பத்தைந்து வயது, பயணிக்கு ஐம்பதுக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் கூப்பிடும் சொல் 'அண்ணா'. 'பெரியவரே' என்றால் ஐம்பது வயதுக்காரருக்குச் சுருக்கென்று இருக்கும். 'சார்' என்றால் தள்ளி வைத்தது போலாகும். பயணி இளைஞராக இருந்தால் 'தம்பி', ஆனால் வினை மட்டும் 'அணைச்சிடுங்க தம்பி' என்று மரியாதையிலேயே இருக்க வேண்டும்.

வினையின் வால் இன்னும் நுட்பமானது. 'அணைங்க' என்பது கட்டளை. 'அணைச்சிடுங்க' கொஞ்சம் இளகியது. 'அணைச்சிடுங்களேன்' என்பதில் முடிவு கேட்பவர் கையில் இருக்கிறது. 'அணைக்கலாமே' என்றால் குத்திக்காட்டுவது போலாகிவிடும், அதைத் தவிர்க்க வேண்டும். நடத்துநர் 'ங்களேன்' என்பதில் தொடங்கி, தேவைப்பட்டால் 'ங்க' என்பதற்கு மாறலாம். கட்டளையில் தொடங்கினால் பிறகு இறங்கி வர வழியில்லை.

காரணத்தைத் தன் பெயரிலோ சட்டத்தின் பெயரிலோ சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் மனிதர் பெயரில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சேர்த்து எழுதினால் காட்சி ஏறத்தாழ இப்படி அமையும்.

*(பேருந்து சீராக ஓடுகிறது. கூட்டப் பேச்சு. கம்பி நடுக்கம்.)*

நடத்துநர் *(தொலைவில், உரக்க)*: இண்டூர் டிக்கெட் யாராச்சும் எடுக்கணுமா? படியில நிக்காதீங்க தம்பி, உள்ள இடம் இருக்குது.

*(அருகில்: தீப்பெட்டி குலுங்குகிறது. உரசல். பற்றல். நான்கு நொடி பேச்சில்லை. முதியவரின் மூச்சிழுப்பு, இருமல்.)*

முதியவர்: யம்மா… அந்த ஷட்டரக் கொஞ்சம் தூக்கேன்.

*(ஷட்டர் 'கிரீச்' என்று பாதியில் நிற்கிறது. மறுபடியும்.)*

தாய்: வரமாட்டேங்குது தாத்தா, சிக்கிக்கிச்சு. *(சிணுங்கல்)* ஒண்ணுமில்லடா சாமி, ஒண்ணுமில்ல.

நடத்துநர் *(நெருங்கி வருகிறார்)*: கொஞ்சம் வழி விடுங்க… அக்கா, அந்தப் புளிப் பைய இப்படித் தள்ளிக்குங்க. ஆங், போதும். *(டிக்கெட் மெஷின் ஓசை)* பென்னாகரமாங்ணா?

பயணி: ஆமா. ஒண்ணு குடு.

*(டிக்கெட் கிழியும் ஓசை. சில்லறை.)*

நடத்துநர் *(மைக்குக்கு மிக அருகில், குரலைத் தாழ்த்தி)*: அண்ணா… பின் சீட்டுல கைக்குழந்தை இருக்குதுங்ணா. பீடிய அணைச்சிடுங்களேன்.

பயணி: முடியப் போவுதுப்பா. இன்னும் ரெண்டே இழுப்புதான்.

*(முதியவரின் மூச்சிழுப்பு, தனியாக, மூன்று நொடி.)*

நடத்துநர் *(அதே தாழ்ந்த குரல்)*: அந்தத் தாத்தாவுக்கும் இழுப்புதாங்ணா.

*(பேச்சில்லை. எஞ்சின் மட்டும்.)*

இளைஞர் *(தொலைவில்)*: என்ன கண்டக்டர், கெஞ்சிக்கிட்டு இருக்கீங்க? ஃபைன் போட்டு எறக்கி விடுங்க!

நடத்துநர் *(முகத்தைத் திருப்பி, மைக்கிலிருந்து விலகி)*: நான் பேசிக்கிறேன் தம்பி. நீங்க டிக்கெட் எடுத்தாச்சா? *(மறுபடி அருகில்)* அவர் சொல்றத விடுங்க. இரநூறு ரூபா வரைக்கும் அபராதம்னு சட்டம் இருக்குதுதான். அதுக்காக நான் கேக்கல.

பயணி *(சற்று நேரம் கழித்து)*: …எங்க அணைக்கிறது?

நடத்துநர்: இந்தக் கம்பியில தேய்ச்சிடுங்க. வெளிய எறிஞ்சிடாதீங்க, பின்னாடி பைக்குல ஆளு வருது.

*(கம்பியில் தேய்ப்பு, மூன்று முறை.)*

நடத்துநர்: நல்லா அணைஞ்சிருச்சா பாத்துக்குங்க. தாத்தா, இருங்க, ஷட்டர நான் தூக்கறேன். *(அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஷட்டர் திறக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது.)*

பயணி: கண்டக்டர்… அந்தம்மா நின்னுக்கிட்டே வர்றாங்க. அந்தப் பைய இங்க குடுக்கச் சொல்லுங்க. மடியில வெச்சுக்கறேன்.

*(ஒற்றை விசில். பிரேக். காற்றுச் சீறல்.)*

காட்சியின் அச்சு 'இழுப்பு' என்ற சொல்தான். பீடிக்காரருக்கு அது புகை, முதியவருக்கு அது மூச்சுத் திணறல். இரண்டையும் நம் ஊரில் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். பயணி அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு நடத்துநர் அதைத் திருப்பிக் கொடுக்கிறார், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் இதை நடிக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. நடிகருக்கு இது கைத்தட்டல் வாங்கும் வரி என்று தெரிந்துவிட்டால் 'தாத்தாவுக்கும்' என்பதை அழுத்திச் சொல்வார். அழுத்தினால் அது குத்தல், பணிவு அங்கேயே போய்விடும். ஒத்திகையில் அவரை டிக்கெட் கிழித்துக்கொண்டே, பயணியைப் பார்க்காமல் அந்த வரியைச் சொல்லச் சொல்லுங்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் குரல் தானாக அடங்கும். அந்த வரிக்கு முன்னால் முதியவரின் மூச்சு மூன்று நொடி தனியாகக் கேட்பதும் இதற்காகத்தான். காதால் கேட்டுவிட்ட ஒன்றை நடத்துநர் பெயர் சொல்லிக் காட்டுகிறார், அவ்வளவே.

மைக் தூரம் இந்தக் காட்சியில் வசனத்துக்கு இணையானது. 'டிக்கெட் எடுக்கணுமா' என்பது மைக்கிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, உரக்க. நடந்து வரும்போது ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி முன்னால். 'அண்ணா' என்னும்போது ஒரு சாண் தூரம், குரல் பாதி. கூட்டத்துக்கு முன்னால் பேசாமல் ஒருவரிடம் மட்டும் பேசுகிறார் என்பதைக் கேட்பவர் உடம்பால் உணர்வது இந்த மாற்றத்தால்தான். மேடைக் குரல் பழகிய நடிகர்கள் அருகில் வந்தும் அதே குரலில் பேசுவார்கள், அப்போது பயணியின் மானம் எல்லார் முன்னாலும் போனது போலாகிவிடும். சிலர் நடிகரை அசையாமல் நிறுத்திவிட்டுப் பின்னால் கணினியில் ஒலியளவைக் குறைத்துத் தொலைவைக் காட்டப் பார்ப்பார்கள். அது எடுபடாது. தொலைவில் பேசும் குரலில் அறையின் எதிரொலி கூடும், அழுத்தமும் வேறாக இருக்கும். நடிகர் உண்மையிலேயே நடக்க வேண்டும். காலில் செருப்பில்லாமல், தரையில் ஜமுக்காளம் விரித்து.

இளைஞரின் குறுக்கீடு இல்லாவிட்டால் நடத்துநரின் பணிவு பலவீனம்போலக் கேட்கும். அவரால் கடுமையாக நடக்க முடியும், இருந்தும் நடக்கவில்லை என்பது தெரிவதற்கு அந்த ஒரு வரி வேண்டும். நடத்துநர் அவரையும் அதட்டுவதில்லை. டிக்கெட் எடுத்தாச்சா என்று தன் வேலைக்குள் இழுத்துவிடுகிறார். இதற்கு மேல் இளைஞருக்கு வசனம் தர வேண்டாம். இரண்டாவது வரி கொடுத்தால் காட்சி அவர்கள் இருவருக்கும் இடையே சண்டையாக மாறி, பயணி வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார்.

சட்டம் ஒரே ஒரு வரியில் வருகிறது, அதுவும் இரண்டு முறை கேட்ட பிறகு. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. பேருந்து போன்ற பொது வாகனங்களும் அதில் அடக்கம். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அதை இன்னும் தெளிவாக்கின. அபராதம் 200 ரூபாய் வரை. 'வரை' என்பதைப் பிரதியில் விட்டுவிடாதீர்கள். நடத்துநர் அந்த இடத்திலேயே பணம் வாங்கி ரசீது கிழிப்பது போலவும் எழுத வேண்டாம். கதை வசூலின் பக்கம் சாய்ந்துவிடும், அணைக்க வைத்தது அவர் பேச்சா பணமா என்று கேட்பவருக்குக் குழம்பும்.

இதோடு ஒட்டிய பிழை ஒன்று மிகப் பரவலாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடு நடத்துநரை இப்படிப் பேச வைக்கிறார்கள்: "அடுத்த ஸ்டாப்புல அஞ்சு நிமிஷம் நிக்கும், கீழ எறங்கிப் பிடிச்சிக்குங்க." பணிவாகத்தான் தெரிகிறது. ஆனால் பேருந்து நிறுத்தமும் பேருந்து நிலையமும் திறந்த வெளி என்ற விலக்கில் வராது என்று 2008 விதிகள் சொல்கின்றன, அங்கேயும் புகைக்கக் கூடாது. ஒரு விதியை மீற வேண்டாம் என்று சொல்லும் நாடகம் அதே மூச்சில் இன்னொரு மீறலைப் பரிந்துரைத்துவிடுகிறது. அதனால்தான் மேலே உள்ள பிரதியில் நடத்துநர் வேறு இடம் காட்டவில்லை.

ஆனால் பயணிக்கு ஒரு வழி விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பிடிவாதம்தான் வரும். அந்த வழி 'எங்க அணைக்கிறது' என்ற கேள்வியில் இருக்கிறது. அவர் ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு செயல்முறைக் கேள்வி கேட்டால் போதும். நடத்துநரும் அதற்கு மட்டும் பதில் சொல்கிறார். கூட்டத்தில் கீழே போட்டு மிதிக்கச் சொன்னால் யாருடைய வெறுங்காலிலோ புடவையிலோ பட்டுவிடும். ஜன்னல் வழியே எறிந்தால் பின்னால் வருகிறவர் மேல் விழும், கோடையில் சாலையோரப் புல்லும் பற்றும். பீடி, இழுக்காமல் விட்டால் சீக்கிரம் தானாக அணையக்கூடியது. கம்பியில் நெருப்பு முனையைத் தேய்த்தால் போதும். தேய்க்கும் ஓசையை உண்மைப் பீடியில் எடுக்கத் தேவையில்லை. காய்ந்த இலைச் சருகைச் சுருட்டி இரும்புக் குழாயில் தேய்த்தால் அதே 'சரக்' கிடைக்கும். மூன்று முறை தேய்க்க வேண்டும். ஒரு முறை என்றால் பின்னணியில் காணாமல் போய்விடும்.

கடைசியில் பயணி மன்னிப்புக் கேட்பதாகவோ 'இனி தொடவே மாட்டேன்' என்று சத்தியம் செய்வதாகவோ எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மூன்றரை நிமிடத்தில் யாரும் பீடியை விடுவதில்லை, கேட்பவருக்கு அது தெரியும். அவர் மாறியது வினையின் வாலில் இருக்கிறது: 'ஒண்ணு குடு' என்று தொடங்கியவர் 'குடுக்கச் சொல்லுங்க' என்று முடிக்கிறார். நின்றுகொண்டு வருகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பேருந்துகளில் தினமும் நடப்பதுதான், அதனால் நாடகத்தனம் ஒட்டாது. நடிகர் இந்த வரியை முணுமுணுப்பாகச் சொல்லட்டும். கனிந்து சொன்னால் போலியாகும்.

நேரக் கணக்கு பற்றி ஒன்று. இயல்பான பேச்சில் தமிழ்ச் சொற்கள் நிமிடத்துக்கு 100 சுற்றி வரும். ஆனால் ஓசைகளும் இடைவெளிகளும் இருக்கும் இந்த மாதிரிக் காட்சியில் வசனம் மட்டும் நிமிடத்துக்கு 50 சொல்லைத் தாண்டினால், பேச்சில்லாத இடங்களை யாரோ தின்றுவிட்டார்கள் என்று பொருள். பதிவன்று நேரம் போதாமல் முதலில் வெட்டப்படுவது எப்போதும் அந்த இடைவெளிகள்தான். அதனால் பிரதியிலேயே 'மூன்று நொடி', 'நான்கு நொடி' என்று எண்ணால் எழுதி வையுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் கூட்டப் பேச்சிலும் நடத்துநரின் தொடக்க வரிகளிலும் வெட்டலாம். பீடி பற்றிய பிறகு வரும் நான்கு நொடியிலும், முதியவரின் மூச்சு மூன்று நொடியிலும் கை வைக்க வேண்டாம்.

கலவை முடிந்ததும் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாமல், ஒரு சாதாரணக் கைப்பேசியில் போட்டு, ஓடும் பேருந்திலோ அடுப்படியிலோ கேளுங்கள். கதை தெரியாத மூன்று பேரைக் கேட்க வைத்து, இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: பீடி எப்போது பற்றியது, எப்போது அணைந்தது. முதல் கேள்விக்கு 'கண்டக்டர் சொன்னப்போதான் தெரிஞ்சது' என்று பதில் வந்தால் தீப்பெட்டி ஓசையை இன்னும் அருகில் எடுத்து மறுபடி வையுங்கள். இரண்டாவதற்கு 'ஜன்னல் திறந்தப்போ' என்றால், கம்பியில் தேய்த்தது கேட்கவில்லை. அந்த மூன்று தேய்ப்பின்போது மட்டும் எஞ்சின் ஓசையை இன்னும் 3 டெசிபல் இறக்கினால் சரியாகிவிடும்.